மூலையில் எழுதிய எண்

ராயபுரத்தில் ஒரு வக்கீலம்மாவின் அலுவலகத்தில் இரண்டு வருஷம் டைப் அடித்தேன். கீழே மீன்வலை விற்கிற கடை. குறுகலான படி ஏறினால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு பீரோ, ஒரு மின்விசிறி. அந்த விசிறிக்கு ஒரே வேகம்தான், மேசையில் இருக்கிற காகிதமெல்லாம் பறக்கிற வேகம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. டோல்கேட் பக்கம் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் அதிகமில்லை என்ற நினைப்பு அப்போது இருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டிலிருந்து முப்பத்தொரு பெண்கள் எங்களிடம் வந்தார்கள். காலியாகத் திரும்பி வரும் கன்டெய்னர்களுக்கு உள்ளே போய்ப் பெருக்கி, கழுவி, துடைத்துத் தருவது அவர்கள் வேலை. போன தடவை அதில் என்ன சரக்கு வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெட்டியில் மாவு மாதிரி ஏதோ படிந்திருக்கும், இன்னொன்றில் கண் எரியும். கை முழுக்கத் தோல் உரிந்தவர்களைப் பார்த்தேன். இரண்டு பேர் உள்ளேயே மயங்கி விழுந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே இறங்குவதற்கு முன்னால் கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும், மூக்குக்கு முகமூடி வேண்டும், முடியாதபோது டாக்டரிடம் காட்ட வேண்டும். கான்டிராக்டர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். அப்படி யாரும் தன்னிடம் வேலை செய்யவில்லையாம்.

அதனால் இந்தப் பெண்கள் நிஜமாகவே இருக்கிறார்கள் என்று தொழிலாளர் அதிகாரிக்கு முன்னால் காட்ட வேண்டியிருந்தது. எல்லாரிடமும் இருந்த ஒரே காகிதம் ரேஷன் அட்டை. அட்டையைப் படமெடுத்து, அதைப் பார்த்து ஒரு அட்டவணை தயாரித்து, அதிகாரிக்கு ஒரு பிரதி, கான்டிராக்டர் தரப்புக்கு ஒரு பிரதி தர வேண்டும். மூல அட்டைகளை அதிகாரி மட்டும் பார்த்துக்கொள்வார் என்று பேச்சு.

பெண்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வீடு எது என்று மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது. இவர்களை வேலைக்குச் சேர்த்ததும் விரட்டி வேலை வாங்கியதும் அந்த மேஸ்திரிதான். காலையில் தேரடி பக்கத்தில் லாரி வரும், ஏறிக்கொள்வார்கள், சாயங்காலம் அங்கேயே இறங்குவார்கள். அவனுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியும். வீடு தெரியாது. அதற்கு முந்தின வருஷம் இன்னொரு யார்டில் வாயைத் திறந்த ஒருத்தியின் வாசலில் அவன் மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் அவள் வாயை மூடிக்கொண்டாளாம்.

"பேரு போட்டுக்கோ, வயசு போட்டுக்கோ. வூடு மட்டும் வாணாம்," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். ஃபிலிம் செலவில்லை என்பதால் தாராளமாக ஒத்துக்கொண்டார். ஒவ்வொருத்தியும் அட்டையை மேசைமேல் விரித்து, விசிறிக் காற்றில் பறக்காமல் விரலால் அழுத்திக்கொள்ள, பாய் மேலேயிருந்து படமெடுத்தார். நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினாறாவதாக வந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, காரணம் போகப் போகப் புரியும். அவள் அட்டைப் படத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வலது பக்க மேல் மூலையில் மட்டும் அவளுடைய கட்டைவிரல்.

"அக்கா, விரல் மறைக்குது. இன்னொருவாட்டி எடுக்கணும்," என்றேன்.

"அதான் எல்லாம் தெரியுதே. அந்த மூலையில இன்னா கீது? கடைக்காரன் கிறுக்கினது."

"எதுவா இருந்தாலும் முழுசா வேணும்கா."

"அத்த இன்னாத்துக்குமா எடுக்கிறே?"

எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் பதினைந்து பேர் படியில் நிற்கிறார்கள், இவள் வாதம் பண்ணுகிறாள். படிக்காதவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் உயிர் போகிறது என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். பாய் அட்டையை வாங்கி, நாலு பக்கமும் கண்ணாடி பேப்பர்வெயிட்டுகளை வைத்து மறுபடி எடுத்தார். அவள் அட்டையை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் அட்டவணை போட ஆரம்பித்தேன். எதை மறைக்க வேண்டும் என்பதில் வக்கீலம்மா கறாராக இருந்தார். அட்டை எண் கூடாது, கதவு எண்ணும் தெருவும் கூடாது. ஆனால் மற்றதெல்லாம் வேண்டும். வயது வேண்டும், இந்த வேலைக்குப் பதினெட்டு ஆகாத யாரையும் நாம் கொண்டுவரவில்லை என்று காட்ட. குடும்பத்தில் எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று வேண்டும். எந்தப் பகுதி என்று வேண்டும், யார்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அதிகாரி கேட்பார். அதனால் முகவரியில் திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை என்ற பெயர் மட்டும் நிற்கட்டும், மீதி போகட்டும் என்றார். குடும்பத் தலைவரின் பெயரும் வேண்டாம், அவருக்கு இவள் மனைவியா மருமகளா என்பது போதும்.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அட்டை எண்களையெல்லாம் டைப் அடித்துவிட்டு, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக மாற்றினேன். கட்டம் காலியாகத் தெரிந்தது. வக்கீலம்மா வந்து காலிக் கட்டத்தில் ஒரு தடவை க்ளிக் செய்தார். மேலே இருந்த பட்டையில் முழு எண்ணும் வந்து நின்றது.

"இது மறைக்கிறதில்ல. கண்ணை மூடிக்கிறது," என்றார்.

அடுத்து, கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு முன்னால் எக்ஸ் போட்டேன். பின்னால் சரிபார்க்க உதவும் என்றேன். சரிபார்க்க நமக்குத்தானே வேண்டும், அவர்களுக்கு எதற்கு என்று கேட்டார். கடைசியில் அவரே வழி சொன்னார். அட்டை எண்ணுக்குப் பதிலாக நாமே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் கொடுப்பது. எந்த எண் எந்த அட்டை என்பது ஒரு நோட்டில் மட்டும், அந்த நோட்டு பீரோவுக்குள். இரண்டு வீடுகளில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள், அட்டை ஒன்றுதான். முகவரியை எடுத்துவிட்டால் அவர்கள் ஒரே குடும்பம் என்பது தெரியாமல் போகும், பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணிவிடுவோம். அதற்காக வீட்டுக்கு ஒரு குறி போட்டோம், ஒரே வீடென்றால் ஒரே குறி. தரப்போகும் பிரதியைப் புதுக் கோப்பாக, மறைக்க வேண்டியதை அதில் டைப்பே அடிக்காமல், ஆரம்பத்திலிருந்து தயாரித்தேன்.

நன்றாகத்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அட்டைகள் நடப்பில் இருக்கின்றனவா, பழசைக் கொண்டுவந்து காட்டுகிறார்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்று வக்கீலம்மா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். உடனே எனக்கு மூளை ஓடியது. குறிப்பு என்று ஒரு பத்தி சேர்த்தேன். கடைசியாகச் சர்க்கரை வாங்கிய மாதம், ரேஷன் கடை எண், அதன் பக்கத்தில் அட்டை மூலையில் பேனாவால் எழுதியிருந்த சின்ன எண். முப்பத்தொரு வரிசையிலும் ஒரு கட்டம் காலியில்லை. வக்கீலம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என்ன நம்பர்?" என்று கேட்டார். கடைக்காரர் எழுதுவது மேடம், அட்டை எண் இல்லை என்றேன். அது பொய்யில்லை. அவர் வீடு ஊரின் தென்கோடியில், ரேஷன் கடை வரிசையில் நின்று பழக்கமில்லாதவர். எனக்கு நின்று நின்று கால் காய்த்துப் போயிருந்தது. அவருக்குத் தெரியாமல் இருந்தது நியாயம். எனக்கு என்ன கேடு?

வெள்ளிக்கிழமை காலை பேச்சுவார்த்தையில் அட்டவணையைக் கொடுத்தோம். கான்டிராக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி வரிசை வரிசையாக விரல் வைத்துப் படித்தான். முகவரி இல்லையே என்று அவர்கள் வக்கீல் கேட்டார். அதிகாரி மூல அட்டைகளைப் பார்த்துவிட்டார், அது போதும் என்றார் எங்கள் வக்கீலம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போனேன். வழக்கமான வரிசை, வழக்கமான சண்டை. கடைக்காரர் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டார், அட்டையையும் வாங்கிப் பார்க்க மாட்டார். "நம்பர் சொல்லு" என்பார். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "எரநூத்தி பத்து" என்றார். பின்னால் நான் "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றேன். எங்கள் வீட்டு அட்டை எண் எத்தனை இலக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அட்டை மூலையில் பேனாவால் எழுதிய இந்த நூற்று நாற்பத்திரண்டு சின்ன வயசிலிருந்து தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடைக்காரர் நீளப் பதிவேட்டைப் புரட்டி அந்த வரியில் விரல் வைத்தார். அப்பா பெயர், கதவு எண், தெரு, எல்லாம் அந்த ஒரே வரியில் தலைகீழாக எனக்குத் தெரிந்தது.

கையெழுத்துப் போட நீட்டிய பேனாவை வாங்கவில்லை. அட்டை எண்ணை எடுத்துவிட்டு, தெருவை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியை நானே கடை எண்ணோடு சேர்த்து, ஒரு கட்டமும் விடாமல், மேஸ்திரி கையில் கொடுத்திருக்கிறேன். அந்த ரேஷன் கடைக்குப் போய், இந்த நம்பர் எந்த வீடு, அவங்க அட்டையை வழியில் தவறவிட்டுட்டாங்க என்று சொன்னால் போதும். எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். உதவி என்று நினைத்துச் சொல்லிவிடுவார்கள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் திட்டவில்லை. "மேஸ்திரி வீட்டுப் பக்கத்துக் கடை எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டார். மேஸ்திரி திருவொற்றியூர்க்காரன். அட்டவணையில் ஆறு பேருக்கு ஒரே கடை எண், அவன் வீடும் அந்தப் பக்கம்தான். நாளைக் காலையில் முதலில் அந்த ஆறு வீட்டுக்கும் போவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். முதல் மூன்று வீட்டில் யாரும் வரவில்லை என்றார்கள். விஷயத்தைச் சொன்னபோது ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நான்காவது வீடு, ரயில் பாதையை ஒட்டிய சந்தில், பதினாறாம் எண் அக்காவுடையது.

அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்தாள்.

"நேத்தே வந்துட்டாம்மா," என்றாள் வக்கீலம்மாவிடம்.

"யாரு?"

"மேஸ்திரி. மத்தியானம். மரியாதையாத்தான் பேசினான். தண்ணி கேட்டான், குடுத்தேன். எம் புள்ள சாத்தாங்காட்டுல இரும்பு மார்க்கெட்ல வேல செய்யிறான்ல, அந்த மொதலாளி அவனுக்கு தோஸ்தாம். நல்ல மன்சன்னு சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

சின்னப் பேச்சுத்தான். அதில் எல்லாம் இருந்தது. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம், அந்தப் பையன் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வக்கீலம்மா போலீஸ் என்றார், புகார் என்றார், எழுதித் தருகிறேன் என்றார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் பேர எடுத்துடு பாப்பா. போட்டோவையும் எடுத்துடு."

மன்னிச்சுடுக்கா என்றேன். அவள் டீ போடட்டுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை குறிப்புப் பத்தியைத் தூக்கிவிட்டுப் புது அட்டவணை கொடுத்தோம். அட்டை நடப்பில் இருக்கிறது என்பதற்கு, கடைசியாகப் பொருள் வாங்கிய மாதம் மட்டும். முன்பு கொடுத்ததைத் திரும்ப வாங்கித் தரும்படி வக்கீலம்மா அதிகாரியிடம் எழுதிக் கேட்டார், வாசலுக்கு ஆள் போன விஷயத்தையும் பெயர் சொல்லாமல் அதில் எழுதினார். காகிதம் திரும்பி வந்தது. அவன் படித்தது திரும்பி வருமா? நல்லவேளை, அதிகாரி எல்லார் முன்னாலும் கான்டிராக்டரைக் கூப்பிட்டு எச்சரித்ததில் மற்ற வீடுகளுக்கு அவன் போகவில்லை. பதினாறாம் வரிசையை நீக்கியபோது, பின்னால் வருகிற எண்களை மாற்றிவிடாதே என்றார் வக்கீலம்மா, மாற்றினால் நோட்டோடு பொருந்தாது. அதனால் அட்டவணையில் பதினைந்துக்கு அப்புறம் பதினேழு. ஒவ்வொரு தடவை அச்செடுக்கும்போதும் அந்த இடம் என் கண்ணில் உறுத்தியது.

வழக்கு ஏழெட்டு மாதம் இழுத்தது. கடைசியில் முப்பது பேரையும் யார்டின் தொழிலாளர்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். கதவு திறந்து காற்றாடாமல் உள்ளே அனுப்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தானது. முகமூடி வந்தது. மாதம் ஒரு தடவை டாக்டர் வந்தார். பதினாறாம் அக்கா யார்டுக்குத் திரும்பிப் போகவில்லை, காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அவள் படங்களை அழிப்பதற்கு மட்டும் நான் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் உட்கார்ந்து திறந்தேன். இரண்டு படம் இருந்தது. முதல் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மற்றப் பெண்கள் எல்லாரும் காற்றுக்காக அட்டையின் நடுவிலோ கீழ் ஓரத்திலோ ஐந்து விரலையும் பரப்பி அழுத்தியிருந்தார்கள். இவள் இடது உள்ளங்கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலை மட்டும் மேல் மூலையில் வைத்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நகம் நேராக அந்தப் பேனா எண்ணின்மேல் இருந்தது. ஒரு இலக்கம்கூட வெளியே தெரியவில்லை, பக்கத்திலிருந்த அச்செழுத்து ஒன்றுகூட மறையவில்லை.

இரண்டு படத்தையும் அழித்தேன். பாயிடம் போய் அவருடைய சிடியிலிருந்ததையும் அழிக்க வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். கையில் இறால் வாடை அடிக்கிறது என்று சொல்லி, கூச்சத்தோடு புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டாள். பையன் நன்றாக இருக்கிறானாம், அதே மார்க்கெட்டில்தான். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்குப் போட்டோ எடுக்கும்போது அந்த மூலையில விரல வெச்சியே. வேணும்னேதான் வெச்சியா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்ன இன்னா, காத்துக்கா வெச்சேன்?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னனே. இன்னாத்துக்கு எடுக்கிறேன்னு கேட்டனே. நீ முழுசா வேணும்னே. படிச்ச பொண்ணு, தெரிஞ்சிதான் கேக்கிறேன்னு நெனச்சிகினேன்."

அவளுடைய பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு ஏறி, உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.